‘எந்நேரமும் போன்லயே இருக்கான்... இதுவா வேலை தேடுறது?’ - பட்டதாரி பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் 8 கேள்விகளும் பதில்களும்

“டிகிரி முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. ஒரு இடத்துக்கும் நேர்ல போய்ப் பார்க்கிறதில்ல. கேட்டா, அப்ளை பண்ணிட்டேன்னு சொல்றான். என்னத்த அப்ளை பண்ணினானோ!”

பட்டதாரிப் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. 1990-களில் வேலை தேடிய பெற்றோருக்கு அந்தத் தேடல் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. டைப் அடித்த பயோடேட்டா, அட்டெஸ்டேஷன் வாங்கிய சான்றிதழ் நகல், தபால் உறை, பஸ் பயணம் என ஒவ்வொன்றும் வீட்டுக்குத் தெரிந்தே நடந்தது. இப்போது அத்தனையும் ஒரு போனுக்குள் நடக்கிறது. அதனால் பிள்ளை உண்மையிலேயே தேடுகிறதா, தேடுவது சரியான வழியில்தானா என்பதை வெளியில் இருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

போனுக்குள் என்னதான் நடக்கிறது? எங்கே தடுக்கி நிற்கிறது? பெற்றோர் எதைக் கேட்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும்? கேள்வி பதிலாகப் பார்ப்போம்.

1. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சா கார்டு வரும், வேலை வரும். இப்ப ஏன் அப்படி வரல?

அன்று அரசுத் துறைகள் பல காலியிடங்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் பட்டியல் கேட்டன. பதிவு மூப்பு அடிப்படையில் பெயர்கள் போகும், பட்டியலில் இருப்பவருக்கு நேர்முகத் தேர்வுக்கான கார்டு வரும். அதனால்தான் பத்தாவது ரிசல்ட் வந்ததுமே ஓடிப்போய்ப் பதிவு செய்தார்கள்.

1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் பரிசீலித்தால் போதாது, காலியிடத்தைப் பொதுவில் விளம்பரம் செய்து தகுதியுள்ள மற்றவர்களுக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்றது. இன்று தமிழ்நாட்டில் பட்டதாரிகள் எதிர்பார்க்கும் அரசு வேலைகளில் பெரும்பாலானவை டிஎன்பிஎஸ்சி போன்ற அமைப்புகள் நடத்தும் போட்டித் தேர்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன. எத்தனை வருடம் முன்பு பதிந்தார் என்பது அங்கே மதிப்பெண் ஆகாது.

அதற்காகப் பதிவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பதிந்துவிட்டு 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வருவது நல்லது. ஆனால், பதிந்தாயிற்று என்று காத்திருந்தால் எதுவும் வராது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இப்போது நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும், தமிழ்நாடு அரசின் `tnprivatejobs.tn.gov.in` இணையதளமும்தான் ஒரு பட்டதாரிக்கு உடனடியாகப் பயன்படக்கூடியவை.

2. நேர்ல போய் மேனேஜரைப் பார்த்தா என்ன? கூச்சப்படுறானா?

பெரிய ஐடி நிறுவனத்துக்கோ வங்கிக்கோ நேரில் போனால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. “வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க” என்று அவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆள் எடுப்பவர் வேறு ஊரில் இருக்கலாம், அல்லது அந்த வேலையை வெளி ஏஜென்சி ஒன்றிடம் கொடுத்திருக்கலாம். தேதி அறிவித்து நடத்தப்படும் ‘வாக்-இன்’ தேர்வுக்கு மட்டும்தான் நேரில் போவதில் பலன் உண்டு.

ஆனால், பெற்றோர் சொல்லும் வழி இன்னும் செல்லுபடியாகும் இடங்களும் இருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகம், திருப்பூரின் பனியன் கம்பெனி, கோவையின் சிறு இன்ஜினீயரிங் பட்டறை, உள்ளூர் மருத்துவமனை, ஜவுளிக்கடை அக்கவுன்ட்ஸ் பிரிவு போன்றவை பல நேரம் எந்தத் தளத்திலும் விளம்பரம் தருவதில்லை. அங்கே முடிவெடுப்பவர் முதலாளியே. பயோடேட்டாவோடு நேரில் போய் நின்றால் பேச்சு நடக்கும். உள்ளூரில் நாலு பேரைத் தெரிந்த அப்பா அம்மாவின் பழக்கம் இங்கேதான் உண்மையில் உதவும்.

3. அறுபது இடத்துக்கு அப்ளை பண்ணியும் ஒரு போன் கூட வரலையாம். நம்பலாமா?

நம்பலாம். ‘கிடைக்கவில்லை’ என்று பதில் எழுதும் வழக்கம் பல நிறுவனங்களில் இல்லை. ஒரு விளம்பரத்துக்கு வந்து குவியும் விண்ணப்பங்களை யாரும் ஒவ்வொன்றாகப் படிப்பதும் இல்லை.

நடப்பது இதுதான். விண்ணப்பங்கள் ஒரு மென்பொருளில் சேரும். ஆள் எடுப்பவர் அதில் வடிகட்டி போடுவார். எந்த ஆண்டு டிகிரி முடித்தவர், பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிலுவை உண்டா, எந்த ஊரில் வேலை செய்யத் தயார் என்பதெல்லாம் அதில் வரும். பிறகு ‘டேலி’, ‘ஜாவா’ என்று அந்த வேலைக்கான சொல்லைப் போட்டுத் தேடுவார். மேலே வரும் சிலரை மட்டும் திறந்து பார்ப்பார்.

“கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுருது” என்று பிள்ளைகள் சொல்வது பாதி உண்மை. விண்ணப்பத்திலேயே கேட்கப்படும் ‘ஆமாம் / இல்லை’ கேள்விக்கான பதில் பொருந்தாவிட்டால் சில இடங்களில் தானாகவே நிராகரிக்கப்படும். மற்ற இடங்களில் நிராகரிப்பு என்று ஒன்று நடப்பதே இல்லை. தேடலில் பெயர் மேலே வரவில்லை, யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலைவாய்ப்புத் தளங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. சமீபத்தில் யார் லாகின் செய்தார், யார் தன் விவரத்தைத் திருத்தினார் என்பதை வைத்தும் ஆள் எடுப்பவர் வடிகட்ட முடியும். ஆறு மாதம் முன்பு ரெஸ்யூமை ஏற்றிவிட்டு அப்படியே விட்டவர் அந்தத் தேடலில் சிக்கமாட்டார். “தினமும் அதையே தொறந்து பார்த்துட்டு இருக்கா” என்று தோன்றுவதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் இருக்கலாம்.

4. அப்போ தப்பு எங்கே இருக்குனு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

“வேலை கிடைச்சுதா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும், அதோடு சண்டையும் வரும். “எந்தக் கட்டத்துல நிக்குது?” என்று கேட்டால் பதிலில் விஷயம் இருக்கும்.

இன்றைய தேர்வில் பொதுவாக நாலு கட்டங்கள். விண்ணப்பம், ஆன்லைன் தேர்வு, இன்டர்வியூ, ஆஃபர். ஒரு நோட்டிலோ எக்செல் ஷீட்டிலோ தேதி, நிறுவனம், வேலையின் பெயர், கேட்ட தகுதி, எந்தக் கட்டம் வரை போனது என்று ஐந்து பத்தி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். திண்டுக்கல் பக்கத்தில் 2025-ல் பி.காம் முடித்த ஒருவர் இரண்டு மாதத்தில் 62 விண்ணப்பம் போட்டிருக்கிறார், ஒரு அழைப்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதிப் பார்த்தால் அதில் 25 விளம்பரங்கள் 2 ஆண்டு அனுபவம் கேட்டவை. 12 விளம்பரங்கள் வேறு டிகிரியோ வேறு பேட்ச்சோ கேட்டவை. ஆக, அவருக்குத் தகுதி இருந்த இடங்கள் 25தான். 62 என்ற எண்ணைப் பார்த்து, ‘ஒருத்தருமே கூப்பிடல’ என்று மனசு உடைந்ததில் பாதிக்கு மேல் தேவையில்லாதது.

அடுத்து, அந்த 25-ல் ஏன் அழைப்பு இல்லை? ரெஸ்யூமைத் திறந்தால், ‘சவாலான பணியில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்பது முதல் வரி. டேலி கோர்ஸ் முடித்தது இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. ஜிஎஸ்டி என்ற சொல்லே இல்லை. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டு பத்தியாக, படமும் பெட்டியுமாகச் செய்த டிசைன் வேறு. சில மென்பொருள்களால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாது.

மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். ஒரே பக்கம், ஒரே பத்தி, படம் இல்லாத சாதாரண பிடிஎஃப். முதல் வரியில் ‘பி.காம் 2025, டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டன், எக்செல், மதுரை / கோவை / சென்னையில் பணிபுரியத் தயார்’. செய்து பார்த்தவற்றை மட்டும்தான் எழுத வேண்டும். இன்டர்வியூவில் ஒரு பில்லைக் கொடுத்து டேலியில் என்ட்ரி போடச் சொன்னால் போட்டுக் காட்ட வேண்டியது அவர்தான்.

அதே ஷீட் பிறகும் பேசும். அழைப்பு வருகிறது, ஆன்லைன் தேர்வில் நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமைத் திருத்திப் பயனில்லை, கணக்கும் ஆங்கிலமும் பயிற்சி எடுக்க வேண்டும். இன்டர்வியூ வரை போய் நிற்கிறது என்றால் பாட அறிவிலோ பேசுவதிலோ குறை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் “இன்னொரு கோர்ஸ் சேரு” என்று பணம் கட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

5. ஆன்லைன் தேர்வுன்னு ரூமைப் பூட்டிக்கிறான். சாப்பாடு கொடுக்கப் போனாக்கூட கத்துறான். ஏன்?

இதில் பிள்ளை பக்கம் நியாயம் இருக்கிறது. பல தேர்வுகளில் கேமராவும் மைக்கும் ஆன் செய்யப்பட்டிருக்கும். பின்னால் ஒரு ஆள் நடந்தாலோ, இன்னொரு குரல் கேட்டாலோ, தேர்வு எழுதுபவர் அடிக்கடி பக்கவாட்டில் திரும்பினாலோ மென்பொருள் அதைக் குறித்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும் திரையை விட்டு வேறு திரைக்குப் போனாலும் அப்படித்தான். குறிப்புகள் அதிகமானால் தேர்வே செல்லாமல் போகலாம். “சாப்பிட வா” என்று அம்மா எட்டிப் பார்த்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

அந்த ஒன்றரை மணி நேரம் டிவி சத்தத்தைக் குறைத்து, யாரும் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது அன்று பஸ் ஏற்றிவிட்டதற்குச் சமம். அன்றைய தினம் உங்கள் பகுதியில் மின்தடை அறிவிப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்த்து, இருந்தால் நண்பர் வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பி எழுதச் சொல்லலாம்.

6. நம்ம மாமா பையன் அந்த கம்பெனியிலதான் இருக்கான். ஒரு வார்த்தை சொன்னா போட மாட்டாங்களா?

அன்றைய சிபாரிசும் இன்றைய ‘ரெஃபரலும்’ ஒன்றல்ல. நிறுவனத்தில் இருக்கும் ஒரு ஊழியர், காலியாக உள்ள ஒரு வேலைக்குத் தனக்குத் தெரிந்தவரின் ரெஸ்யூமை உள் தளத்தில் ஏற்றலாம். அதனால் ரெஸ்யூமை ஒருவர் திறந்து பார்க்க வாய்ப்பு கூடும். தேர்வும் இன்டர்வியூவும் மற்றவர்களைப் போலத்தான். அவரால் வேலையைப் போட்டுக்கொடுக்க முடியாது.

அதனால் போன் செய்து, “தம்பி, எப்படியாச்சும் பார்த்து போட்டு விடுப்பா” என்று கேட்டால் அவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும். அந்த நிறுவனத்தின் வெப்சைட்டில் தகுதிக்குப் பொருந்தும் வேலையைத் தேடி, அந்த விளம்பரத்தின் எண்ணையும் ரெஸ்யூமையும் உங்கள் மகனோ மகளோ நேரடியாக அவருக்கு அனுப்பட்டும். அவருக்கு ஐந்து நிமிட வேலை, மறுக்கமாட்டார்.

7. ‘செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க’ன்னு லெட்டர் வந்திருக்கு. வேலைக்குச் சேர கொஞ்சம் பணம் கட்டுறது வழக்கம்தானே?

வழக்கம் இல்லை. முறையான நிறுவனம் வேலை கொடுப்பதற்குப் பணம் வாங்காது. லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சீருடை, ஆவணச் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். தேர்வு வாரியங்களின் தேர்வுக் கட்டணம் வேறு. அது விண்ணப்பிக்கும்போது அதிகாரப்பூர்வ தளத்தில் கட்டுவது, வேலை கிடைத்த பிறகு கட்டுவதல்ல.

இந்த மோசடியில் பிள்ளையைவிடப் பெற்றோர் எளிதாக மாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. முத்திரை, லெட்டர்ஹெட், கையெழுத்து இருந்தால் உண்மை என்று பழகிய தலைமுறை அது. இன்று அந்த மூன்றையும் ஒரு போனிலேயே செய்துவிட முடியும். எட்டு மாதக் காத்திருப்புக்குப் பிறகு, ‘இருபதாயிரத்துல முடிஞ்சா சரி’ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

கடிதம் வந்தால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, மெயில் எங்கிருந்து வந்தது? பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி `@gmail.com` முகவரியில் இருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு, ஒழுங்கான இன்டர்வியூ நடந்ததா? வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நாலு கேள்வி கேட்டு வேலை கொடுத்தால் அது வேலை இல்லை. மூன்று, பணம் யாருக்குப் போகிறது? தனிநபர் பெயரில் உள்ள யுபிஐ எண்ணுக்கு எந்த நிறுவனமும் டெபாசிட் வாங்காது. சந்தேகம் தீர, கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் வெப்சைட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் கூடுதல் கவனம் தேவை. அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று `emigrate.gov.in` தளத்தில் பார்க்கலாம். “டூரிஸ்ட் விசாவுல போ, அங்கே போய் மாத்திக்கலாம்” என்று சொன்னால் அனுப்பாதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி கம்போடியா, மியான்மர், லாவோஸ் போன இந்திய இளைஞர்கள், சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து வந்திருக்கின்றன.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் தகவல் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் புகார் போனால் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாள் தாமதித்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

8. உண்மையான ஆஃபர் லெட்டரே வந்திருச்சு. சொந்தக்காரங்க கிட்ட சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால், அதை நம்பி லோன் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அன்று ஆர்டர் வந்தால் சேர வேண்டிய தேதி அதிலேயே இருக்கும். இன்று கேம்பஸ் தேர்வில் கொடுக்கப்படும் ஆஃபர் கடிதத்தில் பல நேரம் சேரும் தேதி இருப்பதில்லை. நிறுவனத்துக்குப் புது புராஜெக்ட் வந்தால் கூப்பிடுவார்கள், வராவிட்டால் தள்ளிப்போகும். 2022-ல் ஐடி நிறுவனங்களில் ஆஃபர் வாங்கிய பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் 2024 வரை காத்திருந்தது நாடு முழுக்கச் செய்தியானது. சேருவதற்கு முன்போ பின்போ சான்றிதழ், முகவரி, முன்பு செய்த வேலை போன்ற பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். ரெஸ்யூமில் இல்லாத அனுபவத்தை எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் வேலை போய்விடும். “ஒரு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்” என்று சொல்பவரிடம் பெற்றோரும் பணம் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆஃபர் கையில் இருந்தும் பிள்ளை வேறு இடங்களுக்கு அப்ளை செய்துகொண்டே இருந்தால், “அதான் கிடைச்சிருச்சே, இன்னும் ஏன் போனையே நோண்டுற?” என்று கேட்க வேண்டாம். சேரும் தேதி எழுத்தில் வரும்வரை அந்த ஐந்து பத்தி ஷீட் மூடப்படாமல் இருப்பதுதான் சரி.